மேலே காய்ந்த ரஜாய், உள்ளே ஈரம்

இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பி மடித்து வைத்த பஞ்சு ரஜாய் ஒன்றை, நான்காம் நாள் அலமாரியிலிருந்து எடுத்தபோது அதிலிருந்து பூஞ்சை வாடை வந்தது. உறையின் மேல் எந்தக் கறையும் இல்லை. துணியும் உலர்ந்தே இருந்தது. நடுவில் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபோதுதான் உள்ளிருந்து ஒரு குளிர்ச்சி உள்ளங்கைக்கு வந்தது. விரல்களால் துழாவியபோது, ஒரே சீராக இருந்த பஞ்சு சில இடங்களில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தட்டியும், வேறு சில இடங்களில் உறையின் இரண்டு துணிகள் மட்டுமே ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு வெறுமையாகியும் கிடந்தது. ஒரே சலவையில் இரண்டு தவறுகளையும் செய்திருந்தேன்: பஞ்சை இடம்பெயர விட்டேன், உள்ளே ஈரத்தோடு மடித்து வைத்தேன். அதன் பிறகு பல பருவங்களாக வீட்டிலேயே ரஜாய்களையும் கம்பளிகளையும் துவைத்து வருகிறேன். இப்போது நான் செய்யும் முறை பெரும்பாலும் அந்த ஒரு ரஜாயைப் பிரித்துப் பார்த்ததிலிருந்து வந்தது.

முதலில் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பஞ்சின் இழைகளுக்கு நடுவே ஏராளமான இடைவெளிகள் இருப்பதால், ரஜாய் தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்கிறது. வெயில் மேல்துணியை விரைவில் உலர்த்திவிடும். ஆனால் அப்படி உலர்ந்த மேற்பகுதியே, காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பஞ்சு என்பதால், உள்ளே வெப்பம் போகவும் உள்ளிருந்து நீராவி வெளியே வரவும் தடையாக நிற்கிறது. குளிரிலிருந்து நம்மைக் காக்க ரஜாய் எந்தக் குணத்தால் பயன்படுகிறதோ, அதே குணம்தான் அதைக் காயவிடாமலும் தடுக்கிறது. எனவே மேலே தொட்டுப் பார்ப்பது எதையும் சொல்லாது.

கம்பளியிலோ ஏமாற்றம் வேறு வகை. அது ஒற்றைப் படலமாக இருப்பதால் உட்பகுதி என்று தனியாக ஒன்று கிடையாது, ஆனால் கம்பளி இழையே தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டும் கைக்கு ஈரமாகத் தோன்றாமல் இருக்கும். பஞ்சு ரஜாய் ஈரத்தை நடுவில் ஒளிக்கிறது, கம்பளி இழைக்குள்ளேயே ஒளிக்கிறது. இரண்டுக்கும் கையைவிட நம்பத்தக்க சாட்சி தராசு.

பயணப் பெட்டியைக் கொக்கியில் தொங்கவிட்டு எடை பார்க்கும் சிறிய தராசு ஒன்று போதும். துவைப்பதற்கு முந்தைய நாள் ரஜாயை நல்ல வெயிலில் உதறிப் போட்டு, மாலையில் நான்கு முனைகளையும் கூட்டிக் கட்டித் தொங்கவிட்டு எடை பார்த்துக் குறித்து வைத்துக்கொள்வேன். பெட்டியில் நீண்ட நாள் கிடந்ததை எடுத்தவுடன் எடை போட்டால், அது அப்போதே உறிஞ்சி வைத்திருக்கும் ஈரமும் கணக்கில் சேர்ந்து அடிப்படை எடையே தவறாகிவிடும். பஞ்சு சாதாரணக் காற்றிலும் தன் எடையில் ஏழெட்டு சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும், அது காற்றின் ஈரப்பதத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அதனால் உலர்ந்த பிறகு அதே எண்ணுக்கு அச்சுப் பிசகாமல் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ஐம்பது, நூறு கிராம் வித்தியாசத்துக்குள் வந்து, அதன் பிறகு ஓரிரு மணி நேரம் குறையாமல் நின்றால் அதுவே காய்ந்ததன் அடையாளம்.

இனிக் கட்டி தட்டுவது. பலரும் இது காயும்போது நடக்கிறது என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் பஞ்சு இடம்பெயர்வது துவைக்கும்போதும் தூக்கும்போதும்தான், காயும்போது அது அந்த நிலையில் இறுகிவிடுகிறது. நீரில் நனைந்த பஞ்சு இழைகளை ஈரத்தின் இழுப்பு ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. அந்த நேரத்தில் கசக்கினாலோ, கும்மினாலோ, இயந்திரத்தில் சுழன்றாலோ இழைகள் உருண்டு திரள்கின்றன. அதைவிடப் பெரிய சேதம், நீர் ஊறிய ரஜாயை ஒரு முனையைப் பிடித்துத் தூக்குவதில் உண்டாகிறது. ஏழெட்டுக் கிலோ எடை ஒரே ஓரத்தில் தொங்கும்போது, தையல்களுக்கு இடையே உள்ள பஞ்சு மொத்தமாகக் கீழே சரிகிறது. தையல் நூல் அறுந்தால் அந்த வரிசையே காலியாகிவிடும்.

அதனால் துவைக்கலாமா என்பதை முடிவு செய்வது தையல்தான். ரஜாயை விரித்து, இரண்டு தையல் கோடுகளுக்கு நடுவே என் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். கோடுகள் உள்ளங்கை அகலத்துக்குள் இருந்து, நூல் எங்கும் அறுபடாமல் இருந்தால் துவைக்கலாம். அதைவிட அகலமாக இருந்தால், அல்லது நான்கு ஓரங்களில் மட்டும் தைத்து நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முடிச்சுப் போட்டிருந்தால், அப்படியே நீரில் போடக்கூடாது. முன்பே சொன்ன என் ரஜாய் அந்த வகை. இரண்டு சாண் இடைவெளிக்கு ஒரு முடிச்சு மட்டுமே இருந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை.

அத்தகைய ரஜாயைத் துவைத்தே தீர வேண்டும் என்றால், முதலில் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போடுகிறேன். தட்டையான தரையில் விரித்து, பஞ்சைக் கையால் சமப்படுத்தி, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் போகும்படி, மேல்துணி, பஞ்சு, கீழ்துணி மூன்றையும் சேர்த்து நீளமான தையல்களாகப் போட்டு, உள்ளங்கை அகலக் கட்டங்களாகப் பிரித்துவிடுவேன். ஒவ்வொரு தையலும் மூன்று சென்டிமீட்டர் வரை நீளமாக இருக்கலாம், ஆனால் நூலை இழுத்து இறுக்கக்கூடாது. இறுக்கினால் அந்தக் கோட்டில் பஞ்சு நசுங்கி, ஈரம் அங்கே தங்கிவிடும். நூல் வெள்ளையாக, சாயம் போகாததாக இருப்பது நல்லது. இது சலிப்பான வேலைதான், எனக்கு இரண்டு மாலைகள் பிடிக்கும். ஆனால் காய்ந்த பிறகு பிரித்து எடுக்கும்போது, பஞ்சு அது இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்தால் அந்த இரண்டு மாலைகளை யாரும் குறைசொல்ல மாட்டார்கள். பழைய ரஜாயின் உறையே நைந்து, ஊசி குத்திய இடத்தில் கிழியும் அளவுக்கு இருந்தால் இதையும் செய்யக்கூடாது. உறையைப் பிரித்துத் துணியை மட்டும் துவைத்து, பஞ்சை வெயிலில் பிரித்துப் போட்டு மறுபடி அடைப்பதே சரி.

அண்மையில் துவைத்த ஒரு ரஜாயின் கணக்கை அப்படியே சொல்கிறேன். இரட்டைக் கட்டிலுக்கான அதன் உலர்ந்த எடை 2.4 கிலோ. சாயம் போகிறதா என்று உறையின் மறைவான மூலையில் ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன், நிறம் ஒட்டவில்லை. குளியல் தொட்டியில் முப்பது லிட்டர் அளவுக்கு வெதுவெதுப்பான நீர் விட்டு, அதில் இரண்டு மேசைக்கரண்டி திரவச் சோப்பைக் கலக்கினேன். சோப்பு கூடினால் அழுக்கு நன்றாகப் போகும் என்பது ரஜாய்க்குப் பொருந்தாது. பஞ்சுக்குள் போன சோப்பை வெளியேற்றுவதுதான் துவைப்பதைவிடக் கடினம், மிச்சம் இருந்தால் பஞ்சு விறைப்பாகி, ஒட்டிக்கொண்டு கட்டி தட்டவும் அது துணைபோகும்.

ரஜாயை விசிறி மடிப்பாக, ஒரு பக்கமும் மறுபக்கமுமாக மடித்துத் தொட்டிக்குள் படுக்க வைத்தேன். இருபது நிமிடம் ஊறியது. அதன் பிறகு கசக்கவோ தேய்க்கவோ இல்லை. உள்ளங்கைகளை விரித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அழுத்தி விட்டேன். அழுத்தும்போது அழுக்கு நீர் வெளியே வருகிறது, விடும்போது புதிய நீர் உள்ளே போகிறது. பஞ்சு நகர்வதில்லை, நீர்தான் நகர்கிறது. பத்து நிமிடம் அப்படிச் செய்த பிறகு தொட்டியின் அடைப்பைத் திறந்து நீரை வடித்தேன். ரஜாயைத் தூக்காமலேயே நீரை மாற்றுவதற்குத்தான் தொட்டி. இல்லாதவர்கள் அடியில் வடிகால் உள்ள எந்த அகலமான பாத்திரத்தையும், குளியலறைத் தரையையும்கூடப் பயன்படுத்தலாம். நான்கு முறை அலசினேன். நான்காவது முறை வடிந்த நீரில் நுரை இல்லை, விரல்களுக்கு இடையே வழுவழுப்பும் இல்லை.

கடைசி நீரை வடித்துவிட்டு ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டேன். நீர் தன் எடையாலேயே வடிந்துகொண்டிருக்கும், நாம் செய்ய வேண்டியது பொறுத்திருப்பது மட்டும். பிறகு தொட்டியின் ஒரு பக்கத்தில் அழுத்தி மேலும் நீரைப் பிழியாமல் வெளியேற்றி, ஒரு பழைய படுக்கை விரிப்பை ரஜாயின் கீழே நுழைத்து, என் மகனும் நானும் ஆளுக்கு இரண்டு முனைகளாகத் தூளியைத் தூக்குவது போலத் தூக்கினோம். அவன் ஒரு முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, “இது என்னப்பா, இவ்வளவு கனக்குது!” என்றான். தராசு 7.1 கிலோ காட்டியது. நான் முதல் ரஜாயை ஒற்றைக் கையால் கொடிக்கு இழுத்துச் சென்றபோது அதன் எடை இதைவிடக் கூடத்தான் இருந்திருக்கும்.

அடுத்தது சலவை இயந்திரத்தில் சுழற்றிப் பிழிவது. முன்பக்கம் திறக்கும் இயந்திரமாக இருந்தால், துவைக்கும் பகுதியை விட்டுவிட்டு, கடைசிச் சுழற்சியை மட்டும் மிதமான வேகத்தில் வைக்கலாம். நடுவில் தண்டு உள்ள மேல்திறப்பு இயந்திரத்தில் போடுவதைத் தவிர்க்கிறேன், ரஜாய் அந்தத் தண்டைச் சுற்றிக்கொண்டு இழுபடும். இயந்திரத்தின் கொள்ளளவு என்று எழுதியிருக்கும் கிலோ, உலர்ந்த துணியின் எடை. ரஜாய்க்கு எடையைவிடப் பருமன்தான் முக்கியம். நுழைத்த பிறகு உருளையின் மேல்பகுதியில் கையை விரித்து நுழைக்க இடம் இல்லையென்றால் அந்த இயந்திரம் அதற்குச் சிறியது. ரஜாயை உருளையின் சுற்றிலும் வளையமாகப் பரப்பி வைக்க வேண்டும், ஒரே பக்கம் திணித்தால் இயந்திரம் தடதடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிடும். சுழற்சிக்குப் பின் எடை 4.2 கிலோ. ஒருவேளை இயந்திரம் இல்லையென்றால், உலர்ந்த துண்டுகளை மேலும் கீழும் வைத்துச் சுருட்டி, சுருளின் மேல் முழங்காலால் அழுத்தலாம். அதிலும் ஒரு கிலோவுக்கு மேல் குறையும்.

இந்த 4.2 கிலோவிலிருந்து 2.4 கிலோவுக்கு வருவதுதான் மிக நீண்ட பகுதி. கொடியில் இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால், மடிப்பில் பஞ்சு அழுந்துவதோடு, நீரும் பஞ்சும் கீழ் ஓரத்தை நோக்கி இறங்கி, அந்த ஓரம் கடைசியாகக் காயும் தடித்த வரியாக மாறிவிடும். அதனால் மூன்று, நான்கு கொடிகளை ஒன்றையொட்டிக் கட்டி, அவற்றின் மேல் படுக்கையாகப் பரப்புகிறேன். வலை போன்ற கட்டில், நாற்காலிகளின் மேல் வைத்த கம்புகள் என்று எது இருந்தாலும் சரி, கீழிருந்தும் காற்று வர வேண்டும் என்பதே நிபந்தனை. தரையில் பாய் விரித்துப் போட்டால், மேல்பக்கம் காயும்போதே கீழ்பக்கம் வியர்த்துக்கொண்டிருக்கும். உட்பகுதியைக் காய வைப்பதில் வெயிலின் சூட்டைவிடக் காற்றின் ஓட்டத்துக்குப் பங்கு அதிகம் என்பது என் அனுபவம். மேகமூட்டமான நாளில் மின்விசிறியின் கீழ் காய்ந்தவை, காற்றே இல்லாத வெயில் நாளில் காய்ந்தவற்றைவிட முன்னதாக எடை குறைந்தன.

காயும் நேரத்தில் கையின் வேலை இரண்டு. முதலாவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடுவது. மற்றொன்று, பாதி காய்ந்த நிலையில் பஞ்சைப் பிரித்துவிடுவது, இதைத்தான் பலர் செய்வதில்லை. முழு ஈரமாக இருக்கும்போது பிரிக்க முயன்றால் இழைகள் மேலும் ஒட்டும். முழுவதும் காய்ந்த பிறகு முயன்றால் கட்டிகள் இறுகியிருக்கும். எடை ஏறத்தாழ மூன்று கிலோவுக்கு வந்தபோது, உறைக்கு மேலிருந்தே ஒவ்வொரு கட்டத்தையும் இரு கைகளின் விரல் நுனிகளால் பிடித்து, கட்டியை எதிரெதிர்த் திசையில் மெல்ல இழுத்துப் பிரித்து, பின் உள்ளங்கையால் தட்டிவிட்டேன். பிறகு இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நான்கு முனைகளையும் பிடித்து, உயரத் தூக்கி உதறினோம். அடுத்த நாள் காலையிலும் அதையே இன்னொரு முறை.

முதல் நாள் மாலை 2.9 கிலோ. பனி இறங்கும் முன் வீட்டுக்குள் கொண்டுவந்து, கம்புகளின் மேல் பரப்பி, மின்விசிறியை இரவு முழுக்க ஓடவிட்டேன். வெளியே விட்டிருந்தால் பகலில் போன ஈரத்தில் ஒரு பங்கை இரவு திரும்பக் கொடுத்துவிடும். மறுநாள் நண்பகலில் 2.55. தொட்டால் எந்த இடத்திலும் ஈரம் தெரியவில்லை, முன்பு நான் மடித்து வைத்ததும் இந்தக் கட்டத்தில்தான். தராசு மட்டும் 150 கிராம் இன்னும் இருக்கிறது என்றது, 150 மில்லி நீர் நடுவில் எங்கோ நிற்கிறது என்று அதற்குப் பொருள். அன்று மாலை 2.44. மேலும் இரண்டு மணி நேரம் வைத்தும் எண் மாறவில்லை. தராசு இல்லாதவர்கள் ஒரு சோதனை செய்யலாம்: ரஜாயின் நடுப்பகுதியை ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி அரை மணி நேரம் வெயிலில் வைத்தால், உள்ளே ஈரம் இருக்கும்பட்சத்தில் தாளின் உட்புறம் பனித்துவிடும்.

நனைந்த பஞ்சு இரண்டு நாளுக்குள் காய்ந்துவிட வேண்டும். ஈரத்துடன் அதற்கு மேல் தங்கினால் பூஞ்சை வளரத் தொடங்குகிறது. அதனால் மழை அறிவிப்பு இருக்கும் நாளில் நான் ரஜாயை நனைப்பதே இல்லை. உலர்த்தும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சொட்டச் சொட்ட ஈரமாக அதில் போட்டால் ரஜாய் தன்னைத்தானே உருட்டிக்கொண்டு பந்தாகி, வெளிப்புறம் சுடும், உள்புறம் ஈரமாகவே இருக்கும். பாதி காய்ந்த பிறகு, குறைந்த சூட்டில், இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு இருபது நிமிடம் ஓட்டி, எடுத்து விரித்து உதறி, மறுபடி இருபது நிமிடம் என்று விட்டால் கட்டிகள் ஓரளவு கலைகின்றன.

கம்பளிக்கு இதில் பாதி பொருந்தாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உள்ளன. வெந்நீரும் காரச் சோப்பும் உராய்வும் ஒன்றுசேர்ந்தால் அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, கம்பளி சுருங்கித் தடித்த பலகையாகிவிடும், அதன் பிறகு பழைய நிலைக்கு வராது. முப்பது டிகிரிக்கு மேல் போகாத நீர், கம்பளிக்கென்றே உள்ள காரமற்ற திரவம், பத்து நிமிட ஊறல், அழுத்தி விடுதல் மட்டும். அலசும் நீரும் அதே வெதுவெதுப்பில் இருக்கட்டும். சாதாரணச் சலவைத்தூளில் கறையை நீக்கப் புரதத்தைக் கரைக்கும் நொதிகள் சேர்ப்பதுண்டு, கம்பளியும் புரதம்தான் என்பதால் அவை அதையும் அரிக்கும். குளோரின் வெளுப்பான் கம்பளியைக் கரைத்தே விடும். நான் கடைசி அலசலில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் சேர்ப்பது, மிஞ்சியிருக்கும் காரத்தை நீக்குவதற்காக. பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாகப் பரப்பி உலர்த்துகிறேன், ஈரக் கம்பளியைத் தொங்கவிட்டால் தன் எடையாலேயே நீண்டுவிடும். கடும் வெயிலிலும் போடுவதில்லை, வெள்ளைக் கம்பளி மஞ்சளாகும். தராசு மட்டும் இதற்கும் உண்டு. தொட்டால் உலர்ந்திருந்த ஒரு கம்பளியில் 200 கிராம் கூடுதல் இருந்ததைக் கண்டு மேலும் ஒரு நாள் பரப்பி வைத்ததுண்டு.

முதல் ரஜாயைப் பற்றி மறந்துவிடவில்லை. ஒரு நாள் பொறுமையாக அதன் ஒரு பக்கத் தையலைப் பிரித்துப் பஞ்சை வெளியே எடுத்தேன். கட்டிகளைக் கையால் பிய்த்தபோது சில பஞ்சாகவே திரும்பி வந்தன, சில மட்டும் நூல் போல முறுக்கிக்கொண்டு பிரியவே இல்லை. கரும்புள்ளிகள் விழுந்திருந்த பஞ்சை எறிந்தேன், அதன் வாடை வெயிலில் போட்டாலும் போகாது. எஞ்சியதைக் கையாலேயே இழை இழையாகப் பிரித்து, துவைத்த உறைக்குள் சமமாகப் பரப்பி, இந்த முறை உள்ளங்கை அகலக் கட்டங்களாகவே தைத்தேன். ஓரிடத்தில் பஞ்சு குறைந்து மெல்லியதாகத்தான் இருக்கிறது. அந்த இடம் எப்போதும் கால்பக்கம் வரும்படி விரிப்பது வழக்கமாகிவிட்டது.